“ரொம்பத் தலைவலி, டாக்டர்”

மூன்று ஆண்டுகளாக மருத்துவரிடம் நான் சொன்னது இந்த ஒரு வரிதான். நெற்றியும் கன்னமும் வலிப்பதால் அது ‘சைனஸ்’ என்று நானே முடிவுகட்டியிருந்தேன். வலி மாத்திரையோடு வீடு திரும்புவேன்.

சென்ற ஆண்டு பலதுறை மருந்தகத்தில் பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதும் முன், “வலி தொடங்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்க” என்றார். என் விரல் வலது கண்ணுக்கு மேலே போய் நின்றது. அங்கிருந்து கன்னத்துக்கும் பிடரிக்கும் பரவும் என்றேன்.

“எவ்வளவு வலிக்கும்?”

“பத்துக்கு எட்டு.”

“அந்த எட்டு வரும்போது என்ன செய்வீங்க?”

யோசித்துச் சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். படியேறினால் விண்விண்ணென்று கூடும். குமட்டும். எட்டு என்ற எண்ணைவிட இதைத்தான் அவர் கவனமாகக் குறித்துக்கொண்டார். ஆனால், எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணி நேரம் நீடிக்கும், மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்டபோது விழித்தேன். நான்கு வாரம் கைப்பேசியில் குறித்து வரச் சொன்னார்.

ஒரு நாள் குறிப்பு இப்படி இருந்தது: “செவ்வாய். பிற்பகல் 2 மணி, வலது கண்மேல் லேசான வலி. 3 மணிக்கு விண்விண். வெளிச்சம் பிடிக்கவில்லை. 4 மணிக்கு 2 மாத்திரை. அலுவலகக் கூட்டத்துக்குப் போகவில்லை. இரவு 10 மணிக்கு நின்றது.”

நான்கு வாரம் கழித்து எண்ணினோம். இப்படிப் படுக்கவைத்த வலி 6 நாள். தலையை இறுக்கும் மந்தமான வலி இன்னும் 11 நாள். மாத்திரை விழுங்கியது 16 நாள். பல மாதங்களாகவே அப்படித்தான். எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

படுக்கவைத்த வலி ஒற்றைத் தலைவலி என்றார் மருத்துவர். காய்ச்சலோ மஞ்சள் சளியோ இல்லாததால் சைனஸுக்கு வாய்ப்புக் குறைவு. மந்தமான வலிக்கு மாத்திரையே காரணமாக இருக்கலாம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவரலாம். மாத்திரையைக் குறைத்து, வலி வராமல் தடுக்கும் மருந்து தந்தார். முதல் இரண்டு வாரம் வலி கூடியது; பிறகு தணிந்தது. இப்போது மாதத்துக்கு மூன்று, நான்கு நாள்தான்.

குறிப்பெழுதிக் காத்திருக்கக் கூடாத தலைவலியும் உண்டு என்று எச்சரித்தார். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி, பேச்சுக் குழறலோ கைகால் தளர்ச்சியோ சேர்ந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் வலி. இவற்றில் எது வந்தாலும் உடனே 995-ஐ அழைக்க வேண்டும்.

இப்போது மருத்துவரைப் பார்க்கப் போனால் கைப்பேசியைத்தான் முதலில் நீட்டுகிறேன்.