பிழை பிடிக்கிற அம்மப்பாவுக்கு 80

"நீ கம்பசில படிக்கிறாய் தானே, நீயே பேசு" எண்டு பெரிய மாமா கனடாவில இருந்து போன் எடுத்துச் சொன்னபோது எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. அம்மப்பாவின் எண்பதாவது பிறந்தநாள். வீட்டு முற்றத்தில் பந்தல், மத்தியானச் சாப்பாடு. அதற்கு முதல் ஒரு ஆள் எழும்பி அஞ்சு நிமிசம் பேச, எல்லாரும் நெல்லிக்கிரஷ் கிளாசைத் தூக்கி வாழ்த்த வேணும். காலையில் பூசை நடந்த வீடு எண்டபடியால் வேறெதுவும் தூக்க ஏலாது. (மாமாவுக்கு அதில் கொஞ்சம் கவலை.)

முதல் நாள் இரவு எழுதியதை அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "1945ஆம் ஆண்டு பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, நேர்மையும் எளிமையும் கொண்டு..." மூண்டாவது வசனத்திலேயே அம்மம்மா கையைத் தூக்கி நிப்பாட்டினா.

"என்ன பிள்ளை, கல்வெட்டு வாசிக்கிறாயோ? மனிசன் இன்னும் இருக்கிறார்."

உண்மைதான். எங்கட வீடுகளில் ஒருவரின் முழு வாழ்க்கையையும் வரிசையாக எழுதிப் பார்க்கிறது அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற கல்வெட்டில் மட்டும்தான். அதனால் 'வாழ்க்கை வரலாறு' எண்டு தொடங்கினாலே பேனை தானாக அந்தப் பக்கம் சாயுது. ஒரு இடத்தில் 'அன்னார்' எண்டுகூட எழுதியிருந்தேன். வெட்டினேன்.

பிறகு யோசிச்சேன். பந்தலுக்குள்ள இருக்கப் போறது நாலு தலைமுறை. அம்மப்பாவின் தங்கச்சிக்கு எழுபத்தஞ்சு, ஒரு காது கேக்காது. மச்சாளின் மகனுக்கு ஆறு வயசு, தமிழ் அரைவாசி விளங்கும். இந்த ரெண்டு பேருக்கும் 'நேர்மை', 'எளிமை' எண்ட சொற்கள் ஒண்டும் செய்யாது. ஆனால் அம்மப்பாவைப் பற்றி ரெண்டு பேருக்குமே தெரிஞ்ச விசயம் ஒண்டு இருக்கு. அவர் பிழை பிடிப்பார். கலியாணக் காட்டில் எழுத்துப்பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத்தான் அலுமாரியில் வைப்பார். வந்து ரெண்டாவது நாளே அந்தச் சின்னவனின் தமிழையும் திருத்தத் தொடங்கியிருந்தார்.

எனவே பேச்சை மாற்றினேன். வேணுமெண்டே பிழைகள் போட்டு எழுதினேன். அவர் சும்மா இருக்க மாட்டார் எண்டு தெரியும். அப்படியெண்டால் நான் மட்டும் பேசத் தேவையில்லை.

முதலாவது பிழை: "ஆயிரம் பிறை கண்ட எங்கட அம்மப்பா..."

"பொறு" எண்டார் கதிரையில் இருந்தபடியே. "எண்பது வருசத்துக்கு 29,220 நாள். ஒரு பூரணையில இருந்து அடுத்த பூரணைக்கு 29.53 நாள். பிரிச்சுப் பார். 989தான் வரும். ஆயிரத்துக்கு இன்னும் பத்து மாசம் கிடக்கு." பந்தல் சிரிச்சது. அய்யரும் சிரிச்சார். சதாபிஷேகத்தை இப்போ செய்யாமல் தள்ளி வைக்கச் சொன்னதும் அம்மப்பாதான்.

ரெண்டாவது பிழை: அம்மம்மாவைப் பொம்பிளை பாக்க அவர் சைக்கிளில் போனதாகச் சொன்னேன்.

"நடந்து போனனான். சைக்கிள் காத்துப் போட்டுது."

"காத்துப் போகேல்லை" எண்டா அம்மம்மா. "சைக்கிளே இல்லை. இரவல் கேட்ட ஆள் குடுக்கேல்லை." ஐம்பத்தேழு வருசத்துக்குப் பிறகு வெளியில் வந்த உண்மை. ஒவ்வொரு சிரிப்புக்கும் பிறகு நான் கொஞ்சம் நிப்பாட்டினேன். மச்சாள் மகனின் காதுக்குள் மொழிபெயர்க்க நேரம் வேணும். சின்னப் பாட்டிக்கு ஆரும் உரத்துச் சொல்ல வேணும். ஒரு பகிடி பந்தலின் கடைசிக் கதிரைக்குப் போய்ச் சேர அரை நிமிசம் எடுத்தது.

மூண்டாவதாக மணிக்கூட்டுக் கதை. எங்கட குடும்பத்தின் தேசிய கீதம் மாதிரி அது. 1995 ஒக்டோபர் 30 வலிகாமத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லி அறிவிச்சவங்கள். அடுத்த நாள் பின்னேரம் அம்மப்பா வீட்டைப் பூட்டினார். எல்லாரும் உறுதி, நகை, அரிசி எண்டு எடுக்க, அவர் சுவரில் தொங்கின மணிக்கூட்டைக் கழட்டினார். சைக்கிள் கரியரில் அவரின் அம்மா, எங்கட ஆச்சி. ஆச்சியின் மடியில் சாரத்தால் சுத்தின மணிக்கூடு. மழை, இருட்டு, செம்மணி வெளியில் அடிமேல் அடி வைக்கிற சனம். ஒரு மனிசரும் பேசாத நேரத்தில் சாரத்துக்குள்ள இருந்து மணிக்கூடு டாங் டாங் எண்டு அடிக்கத் தொடங்கினது. முன்னால் போனவர் கோயில் எண்டு நினைச்சுக் கும்பிட்டவராம். இதைக் கூடுதலாகச் சொல்லிச் சிரிக்கிறது பெரிய மாமா. அந்த நேரம் மாமா இருந்தது ரொறன்ரோவில்.

மாமா சொல்லுகிற மாதிரியே நானும் சொன்னேன்: "பதினொரு தரம் அடிச்சதாம்."

இது நான் வேணுமெண்டு போட்ட பிழை இல்லை.

"பத்து" எண்டார் அம்மப்பா.

சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "பத்துத்தான். அம்மா எண்ணினவ."

பிறகு அவரே சொன்னார். கடைசி வருசங்களில் ஆச்சிக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. பகலா இரவா எண்டு அவவுக்குத் தெரியிறது அந்த மணிக்கூடு அடிக்கிறதை எண்ணித்தான். அதை விட்டிட்டு வர மாட்டன் எண்டு வாசலில் இருந்திட்டா. அதனால்தான் கழட்டினது. கொண்டு போகேக்க உடையாமல் இருக்க ஊசலைத் தனியாகக் கழட்டி வைச்சார். ஊசல்தான் மணிக்கூட்டின் கடிவாளம். அது இல்லாட்டில் உள்ளுக்குள்ள பல்லுச் சக்கரங்கள் கடகடவெண்டு ஓடும், முள்ளும் அதோட ஓடும், முள் வர வர மணியும் அடிக்கும். அப்படி அடிச்ச பத்துத்தான் அது.

"அம்மா எண்ணிப்போட்டு, 'பத்து மணியாச்சோ தம்பி, அப்ப கன தூரம் வந்திட்டம் என்ன' எண்டு கேட்டா. நாவற்குழிப் பாலம்கூட வரேல்லை."

"நீங்க என்ன சொன்னனீங்க?" எண்டு கேட்டேன். என் கையில் இருந்த பேப்பரில் அந்தக் கேள்வி இல்லை.

"ஓம் அம்மா எண்டனான்."

அம்மா தலையைக் குனிஞ்சு கொண்டா. அவ அந்த இரவு சைக்கிளின் மற்றப் பக்கம் பிடிச்சுக்கொண்டு நடந்தவ. கதை முழுக்கத் தெரியும் எண்டு நினைச்சிருந்தவ. அடுத்த வருசம் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினபோது மணிக்கூடு வந்தது. ஆச்சி வரவில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மணிக்கூட்டுக் கதையில் நாங்கள் அதைச் சேர்த்துச் சொன்னதே இல்லை. பகிடியாகச் சொல்லிச் சொல்லி ஆச்சியை அந்த மடியோட விட்டிருந்தோம்.

எனக்கு அடுத்து என்ன பேசுறதெண்டு தெரியவில்லை. மச்சாளின் மகன்தான் காப்பாற்றினான். தாய் மெதுவாக மொழிபெயர்த்து முடிக்க, எழும்பி நிண்டு கேட்டான்: "அப்போ உண்மையா எத்தினை மணி?"

"ஏழே கால். கையிலயும் ஒரு மணிக்கூடு கட்டியிருந்தனான்."

"அப்போ நீங்கள் பொய் சொன்னது."

அம்மப்பா அவனைப் பார்த்தார். 'சொன்னீங்கள் எண்டு சொல்ல வேணும்' எண்டு திருத்துவார் எண்டுதான் நாங்கள் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"ஓம்" எண்டார். "சொன்னனான்."

பேப்பரை மடிச்சேன். கடைசியில் வாசிக்க வைச்சிருந்த வாழ்த்துக்கு இடமில்லை. "எல்லாரும் கிளாசைத் தூக்குங்கோ" எண்டு மட்டும் சொன்னேன். தூக்கினார்கள். சின்னப் பாட்டி பக்கத்தில் இருந்தவவிடம் "என்னவாம்? என்னவாம்?" எண்டு கேட்டுக்கொண்டே தூக்கினா. அவவுக்கு முதலில் இருந்து சொல்லி முடிக்க, சோறு ஆறிப்போச்சுது.