பத்து வாரத்தில் பத்து கிலோமீட்டர்

ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானில் பத்து கிலோமீட்டர் பிரிவும் உண்டு. அதில் ஓட ஆசைப்பட்ட என் பழைய மாணவர் ஒருவர், "சார், பத்து வாரம்தான் இருக்கு, முடியுமா?" என்று கேட்டார். வயது 38. வன்னியம்பட்டியில் கடை வைத்திருக்கிறார். நடப்பதுண்டு, ஓடியதில்லை. அவருக்குப் போட்டுக் கொடுத்த அட்டவணை இது.

வாரத்துக்கு மூன்று நாள் மட்டும்: செவ்வாய், வியாழன், ஞாயிறு. முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. வாராவாரம் ஓட்டத்தைக் கூட்டி, நடையைக் குறைத்து, ஐந்தாம் வாரத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான்: ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம்.

தூரம் கூட்டுவது ஞாயிறன்று மட்டும். வாரவாரியாக 3, 3, 4, 3, 5, 6, 5, 7, 8 கிலோமீட்டர். பத்தாவது ஞாயிறு போட்டி. நான்காம், ஏழாம் வாரங்களில் தூரம் குறைவதைக் கவனியுங்கள். மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக அதைவிட அதிக நாள் பிடிக்கும். "இன்னும் ஓடலாம்" என்று நெஞ்சு சொல்லும்போது கால் தயாராக இருக்காது. அந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது.

மூன்றாம் வாரத்தில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பு நெடுக வலித்தது. ஓட ஆரம்பித்துச் சற்று நேரத்தில் குறைந்தது. இது புதிதாக ஓடுபவர்களுக்குச் சாதாரணமாக வருவது. ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நடக்கச் சொன்னேன். வலி அடங்கியதும் விட்ட வாரத்திலிருந்தே தொடர்ந்தார். ஆனால் ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால், நடக்கும்போதும் இரவிலும் வலித்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாரம் போனதால் அவர் ஏழு கிலோமீட்டரோடு போட்டிக்குப் போனார். அதுவும் போதும்.

கண்மாய்க்கரை மண்பாதை காலுக்கு இதம். போட்டியோ தார்ச்சாலையில். ஆகவே ஆறாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாளாவது தாரில் ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் தவறினால், மறுநாள் இரண்டையும் சேர்த்து ஓடாதீர்கள். போனது போனதுதான்.

கடைசி வாரம் செவ்வாய் மூன்று, வியாழன் இரண்டு கிலோமீட்டர் போதும். புதுச் செருப்போ புதுச் சாப்பாடோ கூடாது. பயிற்சியில் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் ஆகிறதென்றால், முதல் இரண்டை எட்டரை நிமிடத்தில் ஓடுங்கள்; நடு ஆறை எட்டில்; கடைசி இரண்டை ஏழரையில். கூட்டிப் பாருங்கள்: 17, 48, 15. மொத்தம் 80 நிமிடம்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.