விரல் ஓரத்துப் பழுப்பு

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் பிழைப்பு. கருப்பு முடியைப் பழுப்பாக்கித் தருவதும் நரைத்த தலையைக் கறுப்பாக்கித் தருவதும் அதில் அன்றாட வேலைகள். முடியை எதுவும் மறைக்காத படமென்றால் ஒழுங்காகவே செய்துவிடுவேன். அந்த முடியின்மேல் ஒரு கை விழுந்திருந்தால், துப்பட்டா மூடியிருந்தால், தோள் குறுக்கே நின்றால், அங்கே ஏமாற்றுவேன். சாயம் விரலில் வழிந்திருப்பது தெரிந்தே பல வருஷம் ஆல்பங்களை அனுப்பியிருக்கிறேன். கேட்டவர்களிடம், “லேப்ல பிரிண்ட் கொஞ்சம் சிவப்படிச்சிருக்கு” என்றேன். லேப்காரர்மேல் ஒரு தப்பும் கிடையாது. எந்த லேப் என்று இங்கே சொல்லாமல் விடுவதுதான் அவர்களுக்கு இப்போது நான் செய்யக்கூடிய மரியாதை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. சரியான முறை எனக்குத் தெரியும். பென் டூலை எடுத்து ஐந்து விரலையும் வளையலோடு சுற்றி வரைய வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சலிப்புக்குச் சோம்பல்பட்டேன். முடியைக் குயிக் செலக்‌ஷனில் தடவி, பத்து பிக்சல் ஃபெதர் கொடுத்து, அதன்மேல் பழுப்பை ஊற்றி, விரல் பக்கம் வழிந்ததைப் பெரிய மெத்தென்ற பிரஷ்ஷால் துடைப்பேன். துடைத்த இடத்தில் முடியின் நிறமும் சேர்ந்து போகும். அதைச் சரிசெய்ய மறுபடி சாயம், மறுபடி துடைப்பு. கடைசியில் லேயரின் ஒபாசிட்டியைக் குறைத்து, இரண்டு பக்கமும் பாதிப்பாதி தெரியாதபடி விட்டுவிடுவேன். நேரக் கணக்குப் பார்த்தால் பென் டூலே சீக்கிரம் முடிந்திருக்கும்.

மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த ஒரு படத்தைச் சொல்கிறேன். அவுட்டோர் ஷூட் முடிந்த பிறகு, ரிசப்ஷனுக்கென்று ஒரு மணப்பெண் முடியைச் செம்பழுப்பாக்கிக்கொண்டார். ஆல்பத்தின் முன்பாதியில் கருப்பு முடி, பின்பாதியில் பழுப்பு முடி. முன்பாதியையும் பழுப்பாக்கித் தரச் சொன்னார். நியாயமான வேண்டுகோள். ஒரு நெருக்கப் படத்தில் அவர் வலது கையால் காதோரம் முடியைக் கோதிக்கொண்டிருந்தார். விரல்களில் மருதாணி. இடப்பக்கம் தலையிலிருந்து வலைத் துப்பட்டா இறங்கியது. முடியில் ஒரு பங்கு தோளுக்குப் பின்னாலும் ஒரு பங்கு தோளுக்கு முன்னாலும் கிடந்தது. கை, துணி, தோள் மூன்றும் ஒரே படத்தில்.

வழக்கம்போல ஒரே மாஸ்க்கில் வேலையை முடித்தேன். சாயம் விரலில் ஏறியது, ஆனால் மருதாணியும் செம்பழுப்புதான் என்பதால் அது மறைந்துவிட்டது. மனசுக்குள் சந்தோஷம்கூட. பிரிண்ட் கைக்குப் போன பிறகு அவர் கூப்பிட்டார். “அண்ணா, நான் வெள்ளை நெயில் பாலிஷ்தானே போட்டிருந்தேன்? மோதிர விரல் நகம் மட்டும் ஏன் இப்படி இருக்கு?” நான் கொஞ்சமும் தயங்காமல், “முடியோட கலர் நகத்துல பிரதிபலிச்சிருக்கும்மா, பாலிஷ் பளபளன்னு இருக்குல்ல” என்றேன். சரி என்று வைத்துவிட்டார். படம் எடுத்த அன்று அந்த முடி கருப்பு. இல்லாத நிறம் எப்படிப் பிரதிபலிக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. போனை வைத்த பிறகு எனக்குத் தோன்றியது.

சாயம் ஏன் வழிகிறது என்பதை இனியாவது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃபெதர் என்பது கோட்டின் இரண்டு பக்கமும் சமமாகப் பரவும். பத்து பிக்சல் கொடுத்தால் முடியின் பக்கம் எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு விரலின் பக்கமும் கசியும். இன்னொரு காரணம் முடியின் கருமை. கலர் என்ற பிளெண்டிங் மோடில் சாயம் பூசினால் அடியிலிருக்கும் வெளிச்சம் மாறாது, நிறம் மட்டும் மாறும். நம் ஊர்க் கருப்பு முடியில் வெளிச்சமே இல்லாததால் நிறம் பிடிக்காது. அதனால் முதலில் கர்வ்ஸில் முடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, சாயத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டிய அந்தச் சாயம் இருபது சதவீதம் கசிந்தால் முடியில் கண்ணுக்கே தெரியாது. வெளிச்சமான தோலில் அதே இருபது சதவீதம், பீடி பிடித்த விரலில் ஏறிய கறைபோல அப்பட்டமாக நிற்கும். முந்நூறு டிபிஐ பிரிண்டில் பன்னிரண்டு பிக்சல் என்பது ஒரு மில்லிமீட்டர். நகத்தின்மேல் ஒரு மில்லிமீட்டர் பழுப்பு சின்ன விஷயமில்லை.

முடி காற்றில் பிரிந்து பின்னணியோடு கலக்கும் ஓரம் மெத்தென்று இருக்கும். அதே முடியின்மேல் விரல் படுகிற ஓரம் கத்திபோட்டதுபோல் கூராக இருக்கும். இந்த இரண்டு ஓரத்துக்கும் ஒரே மாஸ்க், ஒரே ஃபெதர் என்று வைத்ததுதான் என் தப்பின் வேர். பிரித்துவிட வேண்டும். சாயம் இருக்கும் லேயரின் மாஸ்க்கில் முடியை மட்டும் தாராளமாக, மெத்தென்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அது கைமேல் ஓடினாலும் கவலையில்லை. பிறகு அந்த லேயரை ஒரு குரூப்புக்குள் போட்டு, குரூப்புக்குத் தனியாக இன்னொரு மாஸ்க் கொடுத்து, அதில் கையை மட்டும் கருப்பாக்க வேண்டும். இரண்டு மாஸ்க்கும் வெள்ளையாக இருக்கும் இடத்தில்தான் சாயம் முழுசாகத் தெரியும். இனி கையின் ஓரத்தைத் திருத்தினால் முடியின் மாஸ்க் கெடாது. நான் செய்துகொண்டிருந்த துடைப்பும் பூச்சும் இங்கேயே நின்றுவிடும்.

கையின் ஓரம் எவ்வளவு கூர் என்பதைப் படமே சொல்லும். முந்நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால், தோல் முடியாக மாறுவதற்கு எத்தனை பிக்சல் எடுக்கிறது என்று தெரியும். ஃபோகஸில் இருக்கும் விரலில் இரண்டு மூன்று பிக்சல்தான், பின்னால் மங்கிய மணிக்கட்டில் அதைவிட அதிகம். பென் டூலில் வரைந்த பாதையைத் தேர்வாக மாற்றும்போது விரலுக்கு அரை பிக்சலோ ஒரு பிக்சலோ ஃபெதர் போதும். மங்கிய இடத்தில் மட்டும் மாஸ்க்கை அதற்கேற்ப மங்கவிடலாம். கோட்டில் தப்பு வரத்தான் செய்யும், அது முடியின் பக்கமாக வரட்டும். விரலை ஒட்டி ஒரு பிக்சல் கருப்பு முடி சாயமேறாமல் நின்றால், விரல் விழுத்திய நிழல் என்றே கண் எடுத்துக்கொள்ளும்.

நரைத்த தலையைக் கறுப்பாக்கும்போது இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே ஒரு பிக்சல் விட்டாலும் விரலைச் சுற்றி வெள்ளைக் கம்பி கட்டியதுபோல மின்னும். அறுபதாம் கல்யாணப் படங்களில், ஆசீர்வதிக்கும் கை தலைமேல் படும் இடத்தில், அப்படி மின்னவிட்டு அனுப்பியவனும் நானேதான்.

விரல்களுக்கு இடையே தெரியும் முடியை மறப்பதும் என் வழக்கம். கையை ஒரே மூட்டையாகச் சுற்றி வரைந்துவிடுவேன். வெளியே பழுப்பு முடி, இடுக்கில் கருப்பு முடி. பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் கை ஒட்டவைத்ததுபோல் தெரியும். இடுக்குகளைத் தனியாக வரைந்து கையின் தேர்விலிருந்து கழிக்க வேண்டும். இடுக்கு ஆழத்தில் நிழல் இருப்பதால் சாயத்தைக் கொஞ்சம் குறைத்தே விடலாம். விரலின் மேலேறி விழும் ஓரிரு இழைகளும் இருக்கும். அவற்றை குரூப் மாஸ்க்கில், இரண்டு மூன்று பிக்சல் வெள்ளைப் பிரஷ்ஷால், வேரிலிருந்து நுனிவரை இழைபோகும் திசையிலேயே திரும்ப இழுத்துவிட வேண்டும்.

தோளில் நான் செய்த தப்பு வேறு மாதிரி. தோளை மறைக்கும் மாஸ்க் ஒன்று போட்டால், பின்னால் போகும் முடிக்கு அது சரி. முன்னால் விழும் முடியை அதே மாஸ்க் வெட்டிவிடும். அன்றைக்கு வெட்டிய இடத்தில் மறுபடி பிரஷ் அடித்தேன், ரவிக்கையின் ஓரம் செம்பழுப்பானது. முடியை முதலிலேயே இரண்டாகப் பிரித்திருக்க வேண்டும். பின்முடிக்கு ஒரு குரூப், அதில் தோளை மறைக்கும் கூரான மாஸ்க். முன்முடிக்கு இன்னொரு குரூப், அதில் தோள் மாஸ்க் கிடையாது. முன்முடியின் நுனிகளுக்கிடையே தோலும் துணியும் தெரிவதால் அதைக் கற்றையாகத் தேர்ந்தெடுக்காமல் இழைகளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுதான் அங்கே உள்ள சிரமம்.

வலைத் துப்பட்டாவில் முழுக் கருப்பும் தப்பு, முழு வெள்ளையும் தப்பு. வலைக்குப் பின்னால் இருக்கும் முடி பாதி தெரிகிறதென்றால் பாதிச் சாயம் தெரிய வேண்டும். குரூப் மாஸ்க்கில் அந்தப் பரப்புக்கு நடுத்தரச் சாம்பல், துணி இரண்டாக மடிந்த இடத்தில் இன்னும் அடர்ந்த சாம்பல், ஜரிகைக் கரைக்கு முழுக் கருப்பு. நான் அங்கே கருப்பு அடித்து வந்ததால் வலைக்குள்ளே கருப்பு முடி, வெளியே பழுப்பு முடி என்று படம் இரண்டு தலையோடு நின்றது. அதை மறைக்க, துப்பட்டாவின் ஓரமாகப் படத்தையே வெட்டிவிட்டேன். அவருக்குப் பிடித்த துப்பட்டாவில் பாதி ஆல்பத்தில் இல்லை. அது ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.

வேலை முடிந்ததும் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதையும் தெரிந்தே தவிர்த்தேன், பார்த்தால் திருத்த வேண்டிவருமே. சாயத்தைத் தற்காலிகமாகக் கிளிப்பச்சைக்கு மாற்றிவிட்டால் போதும். பழுப்பில் பதுங்கியிருந்த கசிவெல்லாம் நகத்திலும் கழுத்திலும் பச்சையாக எழுந்து நிற்கும். மருதாணிக்குள் ஒளிந்ததும் வெளியே வந்துவிடும். அதோடு Alt விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் கருப்பு வெள்ளையில் தெரியும். விரலுக்குள் ஒரு சாம்பல் படலம் இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

அந்த நகத்தைப் பிறகு சரிசெய்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு அதை இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் பிரதிபலிப்புக் கதையையும் சேர்த்துத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதி முடித்ததும் அனுப்பிவிடுகிறேன். என்னிடம் ஆல்பம் செய்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், முடியில் கை பட்டிருக்கும் படங்களை எடுத்து நகத்தையும் விரல் ஓரத்தையும் வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் அது லேப்பின் தப்பில்லை. லேயரோடு கோப்பு என்னிடம் இருக்கிறது. கொண்டு வாருங்கள், திருத்தி வேறு பிரிண்ட் தருகிறேன், காசு வேண்டாம்.