ஒன்பதாம் ஆண்டு

பெங்களூரு மல்லேசுவரத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், 2025ஆம் ஆண்டின் இறுதியில் நிச்சயதார்த்தப் பேச்சு தடைபட்டது. ஜாதகம் பொருந்தியிருந்தது. தடையாக நின்றது எண் சோதிடத்தின் ‘தனி ஆண்டு எண்’.

அதைக் கணிப்பது எளிது. பிறந்த நாளையும் மாதத்தையும் நடப்பு ஆண்டோடு கூட்டி, ஓரிலக்கம் வரும்வரை சுருக்க வேண்டும். பெண் பிறந்தது மார்ச் 14. நாள் 5, மாதம் 3, 2026இன் கூட்டெண் 1, ஆக 9. ஒன்பது முடிவுகளின் ஆண்டு, புதிய உறவைத் தொடங்கலாகாது என்பது சோதிடர் வாக்கு. பையன் பிறந்தது நவம்பர் 12. அவனுக்கு அதே ஆண்டு 6, இல்லறத்திற்கு உகந்தது. இணைவுக்குரிய 2, குடும்பத்திற்குரிய 6 ஆகிய இரண்டுமே ஏற்றவை என்பதால், இருவருக்கும் பொருந்தும் ஆண்டுவரை காத்திருக்கலாம் என்றார் பெண்ணின் தாய்.

கணித ஆய்வு மாணவியான மகள் ஒரு தாளில் அட்டவணை வரைந்தாள். அவளுக்கு 2 வரும் 2028இல் அவனுக்கு 8. அவளுக்கு 6 வரும் 2032இல் அவனுக்கு 3. காரணம் வெளிப்படையானது: ஆண்டுதோறும் இருவர் எண்ணும் ஒவ்வொன்றாகவே கூடுகின்றன, ஒன்பதுக்குப் பின் ஒன்று வருகிறது. ஆகவே இருவருக்கும் இடையிலான தொலைவு ஒருநாளும் மாறாது. அத்தொலைவு 0 அல்லது 4 ஆக இருந்தால்தான் இருவரும் ஒரே ஆண்டில் 2இலோ 6இலோ நிற்க முடியும். இவர்களுடையது 3. ஆடி மாதத்தைத் தவிர்ப்பவர் ஒரு மாதம் காத்திருந்தால் போதும். இங்கே காத்திருப்புக்கு முடிவே இல்லை.

எண் சோதிடருள் ஒரு சாரார் தனி ஆண்டு சனவரியில் அன்று, பிறந்தநாளில்தான் தொடங்குகிறது என்பர். அவ்விதியையும் அவள் பொருத்திப் பார்த்தாள். 2032 மார்ச் 14 முதல் நவம்பர் 11 வரை அவளுக்கு 6, அவனுக்கு 2. ஒரு விதியில் என்றுமே வாராத காலம், மற்றொரு விதியில் ஆறாண்டுகளுக்கு அப்பால் எட்டு மாதமாகத் தோன்றியது. எவ்விதி சரி என்பதைத் தீர்க்க அக்கணக்கிற்குள் வழி எதுவும் இல்லை.

தாய் அட்டவணையை நெடுநேரம் பார்த்திருந்தார். மகளை மறுத்துப் பேசவில்லை; எண்ணையும் கைவிடவில்லை.

“ஒன்பது முடிவுதானே? இந்த வீட்டுப் பெண்ணாக நீ இருப்பது முடிகிறது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறது” என்றார்.

வேண்டாம் என்றதும் அதே ஒன்பது. சம்மதித்ததும் அதே ஒன்பது. மகள் அதைச் சுட்டிக்காட்டவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, ஆவணி முகூர்த்தங்களைப் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தாள்.