பெயரைக் குறிப்பிட்டால் போதுமா?



சபையின் ஆண்டு மலருக்கு எழுத்துப்படிகள் வந்து சேரும் காலங்களில், தொகுப்பாளர்களிடமிருந்து ஒரு கேள்வி ஏறக்குறைய ஆண்டுதோறும் எனக்கு வருகிறது. “ஐயா, இந்தப் பன்னிரண்டு பக்கங்களும் ஒரு நல்ல புத்தகத்திலிருந்து எடுத்தவை. ஆசிரியர் பெயர், புத்தகத்தின் பெயர், பக்க எண் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டோம். இனி என்ன குறை இருக்கிறது?” நேர்மையான உள்ளத்திலிருந்து எழும் கேள்வி இது. ஆகவே இவ்வாரம் அதற்குச் சற்று விரிவாகவே விடையளிக்க விரும்புகிறேன்.

இரண்டு தவறுகளை நாம் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். ஒன்று எழுத்துத் திருட்டு. மற்றொன்று பதிப்புரிமை மீறல். பிறர் எழுதியதைத் தான் எழுதியதாகக் காட்டுவது எழுத்துத் திருட்டு. அது வாசகரை ஏமாற்றும் பொய். பிறருக்கு உரிமையான எழுத்தை, சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு மேல், உரியவரின் இசைவின்றி நகலெடுப்பது பதிப்புரிமை மீறல். முன்னதில் எழும் கேள்வி, “இதை எழுதியவர் யார்?” என்பது. பின்னதில் எழும் கேள்வி, “இதை நகலெடுக்க உரிமையுள்ளவர் யார்?” என்பது. அடிக்குறிப்பு முதற்கேள்விக்கு முழுமையாக விடையளிக்கிறது. இரண்டாம் கேள்வியை அது தொடுவதேயில்லை.

இவ்விரண்டும் தனித்தனியே நிகழக்கூடும் என்பதைப் பாருங்கள். ஸ்பர்ஜன் 1892ஆம் ஆண்டில் மறைந்தார். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலின் உரிமை அவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நீடித்து முடிவடைகிறது. எனவே அவருடைய ஆங்கிலப் பிரசங்கம் ஒன்றை முழுவதும் அச்சிட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆயினும் அதையே ஒரு போதகர் தம்முடைய பெயரில் வெளியிட்டால், பதிப்புரிமை மீறல் இல்லாமலே எழுத்துத் திருட்டு நிகழ்ந்துவிடுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அப்பிரசங்கத்தை அண்மையில் ஒருவர் தமிழாக்கியிருந்தால், அந்தத் தமிழாக்கத்தின் உரிமை அவருடையது. மூலம் பழையது என்பதால் மொழிபெயர்ப்பும் பொதுவாகிவிடாது.

இதற்கு நேர்மாறான நிலையைக் காட்டும் வழக்கொன்று அமெரிக்காவில் நடந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு தம் நினைவுக்குறிப்புகளை எழுதினார். சுமார் 2,00,000 சொற்கள் கொண்ட அந்நூலை ஹார்ப்பர் அண்ட் ரோ முதலிய பதிப்பகத்தார் வெளியிட இருந்தனர். நூல் வெளிவருவதற்குச் சற்று முன்னதாக அதன் ஒரு பகுதியை வெளியிடும் உரிமைக்கு ‘டைம்’ வார இதழ் 25,000 டாலர் தர இசைந்து, பாதியை முன்பணமாகக் கொடுத்திருந்தது. இதற்கிடையில், 1979இல், ‘தி நேஷன்’ என்னும் இதழின் கைக்கு நூலின் கையெழுத்துப்படி கிடைத்தது. அவ்விதழ் அதிலிருந்து சுமார் 2,250 சொற்களில் ஒரு கட்டுரை அமைத்து, ‘டைம்’ இதழுக்கு முன்பே வெளியிட்டது. அதில் ஃபோர்டின் சொற்களை அப்படியே எடுத்தாண்டது ஏறக்குறைய 300 சொற்கள் மட்டுமே. அவை அவருடைய சொற்கள் என்பதை எவரும் மறைக்கவில்லை. ஆகவே எழுத்துத் திருட்டு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஆனால் ‘டைம்’ தன் ஒப்பந்தத்தைக் கைவிட்டது. எஞ்சிய 12,500 டாலரைத் தர மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1985இல் நீதிபதிகள் ஆறுபேர் பதிப்பகத்தார் பக்கமும் மூவர் எதிர்ப்பக்கமும் நின்று, இது பதிப்புரிமை மீறலே என்று தீர்ப்பாயிற்று. இரண்டு இலட்சம் சொற்களில் முந்நூறு சொற்கள் எம்மாத்திரம் என்று நாம் கேட்கலாம். நிக்ஸனுக்கு மன்னிப்பு வழங்கியதைப் பற்றிய பகுதிகளே நூலின் இருதயம். எடுக்கப்பட்டவை அந்த இருதயத்திலிருந்து வந்தவை என்று நீதிமன்றம் கண்டது. நூல் இன்னும் வெளிவராதிருந்ததும், உரிமையாளருக்கு வரவேண்டிய பணம் வராமற்போனதும் தீர்ப்பில் பெரும் எடை பெற்றன. ஆசிரியரின் பெயரைக் கூறியிருந்தது இவற்றில் எதையும் ஈடுசெய்யவில்லை.

அது அந்நாட்டுச் சட்டம். நம்முடைய சட்டம் வேறு சொற்களில் பேசுகிறது. அதன் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக ஒரு படைப்பை நேர்மையான அளவில் கையாள இடங்கொடுக்கிறது. இத்தனை சொற்கள் வரை எடுக்கலாம் என்ற எண்ணிக்கை எதையும் அது வகுக்கவில்லை. ஒரு நூலை மதிப்பிட்டு எழுதுகையில் இரண்டு பத்திகளை மேற்கோள் காட்டினால், நம் கட்டுரையே பிரதானமாகவும் மேற்கோள் அதற்குத் துணையாகவும் நிற்கும். ஆண்டு மலரின் பன்னிரண்டு பக்கங்களோ அத்தகையவை அல்ல. அங்கே நம்முடைய சொல் ஒன்றுமில்லை. முழு அதிகாரமும் மற்றவருடையது. மலரை வாசித்தவர் அந்த அதிகாரத்துக்காகப் புத்தகத்தை வாங்கவேண்டிய அவசியம் இல்லை. மேற்கோளை நீக்கினால் நம் கட்டுரை நிற்குமா, நம் பக்கத்தை வாசித்தவருக்கு மூலநூல் தேவைப்படாமற்போகுமா என்ற இரண்டையும் கேட்டுப்பாருங்கள். இவை சட்டத்தின் வாசகங்கள் அல்ல. ஆயினும் அனுமதி கேட்கவேண்டிய இடத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

சில பதிப்பகத்தார் அனுமதியை முன்கூட்டியே அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள். என்.ஐ.வி. எனப்படும் ஆங்கில வேதாகமத்தின் தொடக்கப் பக்கத்தைப் பாருங்கள். எழுத்து மூலமான அனுமதியின்றி 500 வசனங்கள் வரை மேற்கோள் காட்டலாம். ஆனால் அவை வேதாகமத்தின் ஒரு முழுப் புத்தகமாக இருத்தலாகாது. நாம் வெளியிடும் படைப்பின் மொத்தத்தில் 25 சதவீதத்தை எட்டவும் கூடாது. 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களையும் ஒரு பெரிய நூலில் எடுத்தாளலாம். யூதாவின் நிருபத்திலோ 25 வசனங்களே உள்ளன. எனினும் அது முழுப் புத்தகம் ஆதலால் தனி அனுமதி வேண்டும். எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அனுமதி கேட்பது கடினமான காரியமன்று. முதலில் நூலின் உரிமைப் பக்கத்தைத் திறந்து, உரிமை ஆசிரியரிடம் உள்ளதா, பதிப்பகத்தாரிடம் உள்ளதா என்று பாருங்கள். நூலின் பெயர், பதிப்பாண்டு, பக்க எண்கள், பகுதியின் முதல் வரியும் கடைசி வரியும், நீங்கள் அச்சிடும் பிரதிகளின் எண்ணிக்கை, மலர் விலைக்கா இலவசமா, இணையத்திலும் ஏற்றப்படுமா என்பவற்றை ஒரே கடிதத்தில் தெரிவியுங்கள். அச்சுக்குக் கிடைத்த இசைவு இணையத்துக்கும் கிடைத்ததாகாது. விடை வராவிட்டால் அதை இசைவாகக் கொள்ளலாகாது. அப்போது அப்பகுதியின் கருத்தை உங்கள் சொந்த நடையில் சுருக்கி, இன்றியமையாத ஓரிரு வரிகளை மட்டும் மேற்கோளாகக் காட்டி, ஆசிரியரின் பெயரையும் நூலின் பெயரையும் குறிப்பிடுங்கள். வாசகர் அந்த நூலைத் தேடிச்செல்ல அது வழிகாட்டும்.

இவ்வாண்டு மலருக்கு எழுத்துப்படி தருவோர், நீண்ட பகுதிகளுக்கான அனுமதிக் கடிதத்தையும் உடன் இணைத்துத் தரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்