வெண்டை நுனி

என் மகனுக்கு அப்போது ஏழு வயது. தட்டில் வெண்டைக்காயைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொள்வான். "கொழகொழன்னு இருக்கும்மா" என்பான். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஒருநாள் கன்னத்தைப் பிடித்து அழுத்தி, வாயில் திணித்தேன். வாந்தி எடுத்தான். அதன்பின் கீரை, பீன்ஸ், அவரை என்று பச்சையாக எதைக் கண்டாலும் தட்டைத் தள்ளிவிடுவான். கெடுத்தது என் கைதான்.

எங்களோடு இருந்த என் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆடி பிறந்ததும் பேரனைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். ராத்திரி ஊறவைத்த வெண்டை விதையை ஒரு முழத்துக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை என்று இருவரும் போட்டார்கள். ஆறாம் நாள் முளைத்தது. வலுவான கன்றை விட்டு மற்றதைக் களைந்ததில் பன்னிரண்டு செடிகள் நின்றன.

ஒரு மாதத்தில் இரண்டு செடிகளின் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. "தேமல் நோய் தம்பி. வெள்ளை ஈ கொண்டாந்துருச்சு. வந்த செடியைக் காப்பாத்த முடியாது, விட்டா பக்கத்துச் செடிக்கும் பரவிரும்" என்று வேரோடு பிடுங்கச் சொன்னார் அப்பா. அழுதுகொண்டே பிடுங்கினான். மறுநாளிலிருந்து பள்ளிக்குக் கிளம்புமுன் மீதிப் பத்துச் செடிகளின் இலைகளையும் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பது அவன் வேலையாயிற்று.

நாற்பதாம் நாள் வாக்கில் முதல் பூ. வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. காலையில் விரிந்தது சாயங்காலம் வாடியதும், "செத்துப்போச்சா தாத்தா?" என்று பதறினான். "இனிமேதாண்டா காய்." ஐந்தே நாளில் அவன் விரலைவிட நீளமாக ஒரு காய் நின்றது. சுணை அரிக்க அரிக்கப் பறித்தான். "நுனியை ஒடி. டக்குன்னு முறிஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல்." முறிந்தது. அங்கேயே பச்சையாகக் கடித்துத் தின்றான்.

பிறகு அடுக்களைக்கு வந்து, என் கூடையில் இருந்த காய்களை ஒவ்வொன்றாக வளைத்தான். ஒன்றுகூட முறியவில்லை. "எல்லாம் முத்தல்மா." வேலை முடிந்து வரும்போது, இருட்டில், கழித்துப் போட்டதை அள்ளி வந்துகொண்டிருந்தேன். அதைத்தான் அவனுக்குத் திணித்திருக்கிறேன்.

சமைத்த விதமும் தப்பு. கழுவிய ஈரத்தோடு நறுக்கி, முதலிலேயே உப்புப் போட்டு, மூடியும் வைப்பேன். வழுவழுப்பு எப்படிப் போகும்? அன்று அப்பா அடுப்பருகே வந்து நின்றார். காயைத் துணியால் துடைத்து நறுக்கி, அகலமான இரும்புச் சட்டியில் மூடாமல் வதக்கி, நூல் நூலாக இழுப்பது நின்ற பிறகுதான் உப்புச் சேர்த்தோம். மகன் தானாகவே தட்டை நீட்டினான்.

சாம்பாரில் மிதக்கும் வெண்டைக்காயை இன்றும் ஒதுக்குகிறான். அதை அவன் தட்டில் நான் போடுவதில்லை. கன்னத்தைப் பிடித்ததற்கு, அவன் தட்டை நீட்டிய அன்று இரவு மன்னிப்புக் கேட்டேன். தூக்கக் கலக்கத்தில், "நாளைக்கு மூணு காய் இருக்கும்மா" என்றான்.