பட்டனை அழுத்தியும் பாய்லர் பற்றாத அந்த 30 விநாடி... உள்ளே என்ன நடக்கிறது?

வீட்டுக்குள் நுழையும்போது சமையல் கேஸ் வாடை அடித்தால் முதலில் என்ன செய்வோம்? தீக்குச்சியைத் தொட மாட்டோம். லைட் சுவிட்சைக்கூடப் போட மாட்டோம். ஜன்னல், கதவுகளைத் திறந்துவிட்டுக் காத்திருப்போம். அடுப்பைப் பற்றவைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆலைகளில் நீராவி தயாரிக்கும் பாய்லரும் ஒவ்வொரு முறை பற்றுவதற்கு முன்னும் இதையேதான் செய்கிறது. ஒரே வித்தியாசம், பாய்லருக்கு மூக்கு கிடையாது. உள்ளே கேஸ் இருக்கிறதா என்று அது முகர்ந்து பார்க்காது. 'இருக்கிறது' என்றே வைத்துக்கொண்டு, எப்போதும் காற்றை ஊதி வெளியேற்றிவிடும். இந்த வேலைக்குப் பெயர் 'பர்ஜ்'. இதையும், தீ தொடர்பான மற்ற எல்லாப் பாதுகாப்பையும் கவனித்துக்கொள்கிற கட்டுப்பாட்டு அமைப்புதான் 'பர்னர் மேனேஜ்மென்ட்'.

ஒரு பால் பதப்படுத்தும் ஆலையில் 22 வருடங்களாக பாய்லர் ஆபரேட்டராக இருக்கும் பெரியவருக்கு இது மனப்பாடம். புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு அவர் முதல் நாள் சொன்னது இதுதான்: "தம்பி, ஸ்டார்ட் பட்டன்னா தீயை வைக்கிற பட்டன்னு நெனைக்காத. 'தீ வைக்கலாமா?'ன்னு கேக்குற பட்டன் அது."

உண்மைதான். பட்டனை அழுத்தியதும் பேனல் வரிசையாகக் கேள்வி கேட்கும். தண்ணீர் மட்டம் சரியா? நீராவி அழுத்தம் வரம்புக்குள் இருக்கிறதா? கேஸ் அழுத்தம் கூடாமலும் குறையாமலும் வருகிறதா? கேஸ் வால்வுகள் முழுமையாக மூடியிருக்கின்றனவா? உள்ளே இப்போது தீ எதுவும் தெரியவில்லைதானே? இந்த நிபந்தனைகளுக்கு 'பெர்மிசிவ்' என்று பெயர். ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அடுத்த படிக்குப் போகாது.

30 விநாடி எங்கிருந்து வந்தது?

எல்லாம் சரியாக இருந்தால் ஃபேன் ஓடும். காற்றுக் கதவு அகலத் திறக்கும். காற்று நிஜமாகவே வருகிறதா என்று ஒரு பிரஷர் சுவிட்ச் உறுதி செய்த பிறகுதான் பர்ஜ் நேரம் எண்ணப்படும்.

அந்த ஆலையில் இருப்பது மணிக்கு 2 டன் நீராவி தரும் சின்ன பாய்லர். தீ எரியும் குழாயும் புகை போகும் பாதையும் சேர்த்து உள்ளே சுமார் 3 கன மீட்டர் இடம். இந்த வகை பாய்லரில் உள்ளிருக்கும் காற்றை நான்கு மடங்காவது மாற்ற வேண்டும் என்பது அமெரிக்காவின் 'என்.எஃப்.பி.ஏ 85' விதி. அப்படியானால் 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஃபேன் ஒரு விநாடிக்குத் தருவது சுமார் அரை கன மீட்டர். கணக்குப் போட்டால் 24 விநாடி வருகிறது. கொஞ்சம் கூடுதலாக 30 வைத்திருக்கிறார்கள்.

பர்ஜ் முடிந்ததும் காற்றுக் கதவு குறையும். ஸ்பார்க் அடிக்கும். பைலட் என்கிற சின்னத் தீ பற்ற 10 விநாடி அவகாசம். அது எரிவது உறுதியானால்தான் பெரிய கேஸ் வால்வு திறக்கும்.

பொய் சொல்லும் கண்

தீ எரிகிறதா என்று பேனலுக்குச் சொல்வது பர்னரில் பொருத்தியிருக்கும் ஃப்ளேம் சென்சார். தீயிலிருந்து வரும் புற ஊதாக் கதிரைப் பார்க்கும் 'கண்' அது. தீ அணைந்துவிட்டது என்று அது சொன்னால் 4 விநாடிக்குள் கேஸ் நிற்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? அந்த பாய்லர் முழு வேகத்தில் எரியும்போது கேஸும் காற்றும் சேர்ந்த கலவை ஒரு விநாடிக்கு அரை கன மீட்டருக்கு மேல் உள்ளே போகிறது. அதில் கேஸ் சுமார் 8 சதவிகிதம். காற்றில் இயற்கை எரிவாயு 5 முதல் 15 சதவிகிதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும். அதாவது தீ மட்டும் அணைந்து கேஸ் நிற்காவிட்டால், ஆறே விநாடியில் பாய்லர் முழுக்க வெடிக்கத் தயாரான கலவை நிறைந்துவிடும். ஒரு பொறி போதும்.

ஒருநாள் இரவு 2.40 மணி. பையனின் ஷிஃப்ட். 'ஃப்ளேம் ஃபெயிலியர்' என்று காட்டி பாய்லர் ட்ரிப் ஆனது. ரீசெட் செய்தான். பர்ஜ் ஓடி, பற்றி, இரண்டு நிமிடத்தில் மறுபடி ட்ரிப். பால் பிரிவிலிருந்து, "ஸ்டீம் எங்கே?" என்று போன் மேல் போன். பெரியவரை எழுப்பினான்.

"அண்ணே, கண்ணாடி வழியா நானே பார்த்தேன். தீ நல்லா எரியுது. ஆனா ட்ரிப் ஆகுது. சென்சாருக்கு ஒரு வயர் போட்டு பைபாஸ் பண்ணிடட்டுமா?"

"வயரைத் தொடாத. லாக் புக்கை எடுத்து சிக்னலைப் படி."

5 வோல்ட் வரை காட்டும் சிக்னல், நான்கு வாரத்தில் 4.2, 3.6, 2.9, 2.1 என்று இறங்கியிருந்தது. தீ குறையவில்லை, கண்தான் மங்கியிருந்தது. சென்சாரைக் கழற்றினால் லென்ஸ் பளிச்சென்றுதான் தெரிந்தது. ஆனால் மெல்லிய எண்ணெய்ப் படலம் நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். லென்ஸ் அழுக்காகாமல் காற்று அடிக்கும் சின்னக் குழாய் கழன்று கிடந்தது. துடைத்து, குழாயை மாட்டியதும் சிக்னல் 4.1. அன்றிரவு பால் அரை மணி நேரம் தாமதமானது, அவ்வளவுதான்.

"எரியும்போது 'எரியல'ன்னு கண்ணு பொய் சொன்னா நமக்கு வேலைதான் கெடும். எரியாதப்ப 'எரியுது'ன்னு சொன்னா உசுரு போயிடும். நீ போட இருந்த வயர் அந்த ரெண்டாவது பொய்யைத்தான் சொல்லும்" என்றார் பெரியவர்.

வயர் போடாமலும் அந்தப் பொய் வரலாம். பழசாகிப்போன புற ஊதாச் சென்சார், தீயே இல்லாமல் 'எரிகிறது' என்று சொல்வதுண்டு. அதனால்தான் பர்ஜ் நேரத்தில் தீ தெரிந்தாலும் பேனல் பூட்டிக்கொள்கிறது. ஆனால் இந்தச் சோதனை பாய்லரை நிறுத்தி ஓட்டினால்தான் நடக்கும். வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும் பாய்லருக்கு, தன் கண்ணைத் தானே மூடித் திறந்து சோதித்துக்கொள்ளும் சென்சார் தேவை.

அணைத்த பாய்லரும் வெடிக்கும்

பாய்லர் ஓடும்போது மட்டும்தான் ஆபத்து என்றில்லை. 1999 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் மின் நிலையத்தில் ஒரு பாய்லரை வருடாந்தரச் சோதனைக்காக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தீ இல்லாத அந்த பாய்லருக்குள் இயற்கை எரிவாயு புகுந்து சேர்ந்து வெடித்தது. 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். 'வால்வு மூடியிருக்கிறதா?' என்ற கேள்வி பெர்மிசிவ் பட்டியலில் இருப்பதன் அர்த்தம் இதுதான்.

அந்த பால் ஆலையில் இப்போது வாரம் ஒருமுறை, எரிந்துகொண்டிருக்கும்போதே கேஸ் பாதையின் கை வால்வைப் பையனே மூடுகிறான். தீ அணைந்ததும் ஸ்டாப்வாட்சைத் தட்டுகிறான். 4 விநாடிக்குள் கேஸ் வால்வுகள் மூடி, பேனல் பூட்டிக்கொள்ள வேண்டும். போன வாரம் லாக் புக்கில் அவன் எழுதியது: '3 விநாடி. சிக்னல் 4.1. சரி.'